கழிவு போக வந்த பணம்

நான் கெட்டவன் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படித்து முடிக்கும்போது நீங்கள் என்னைத் திட்டத்தான் போகிறீர்கள். தாராளமாகத் திட்டுங்கள். என் சம்சாரம் அமராவதி திட்டியது போக மிச்சம் ஏதாவது இருந்தால் அதையும் வாங்கிக்கொள்கிறேன்.

என் பெயர் சண்முகவேல். பெருமாநல்லூரில் எட்டு மெஷின் போட்டு ஜாப் ஒர்க் செய்கிறேன். பெரிய எக்ஸ்போர்ட் கம்பெனிகள் வெட்டிக் கொடுக்கிற துணியை வாங்கி, தைத்துக் கொடுத்துக் கூலி வாங்குகிற வேலை. அதற்கு முன்னால் பன்னிரண்டு வருஷம் ஒரு எக்ஸ்போர்ட் ஆபீசில் குப்பை கொட்டினேன். பையர் என்று நாங்கள் சொல்லும் வெளிநாட்டுக் கொள்முதல்காரருக்கு மெயில் எழுதி ஆர்டரைக் கவனிக்கிற மெர்ச்சண்டைசருக்கு நான் உதவியாள். இங்கிலீஷில் எனக்குக் கதைப்புத்தகம் படிக்கத் தெரியாது. ஆனால் பையர் கோபமாக எழுதுகிற மெயிலை முதல் வரியிலேயே கண்டுபிடித்துவிடுவேன். அதற்குப் பணிந்து பதில் எழுதவும் தெரியும். அந்த அரைகுறை இங்கிலீஷ்தான் என் குடியைக் கெடுத்தது.

எங்களுக்கு ஒரே மகள், பரணி. திருப்பூரில் ஆடை வடிவமைப்பு மூன்றாம் வருஷம் படிக்கிறாள். கல்லூரியில் மற்ற பிள்ளைகள் ஃபேஷன் ஷோவுக்குப் படம் வரைந்துகொண்டிருந்தபோது இவள் பேட்டர்ன் பின்னால் போனாள். ஒரு சட்டைக்கு முன்பக்கம், பின்பக்கம், கை, கழுத்து என்று தனித்தனியாக அளவோடு வரைவதுதான் பேட்டர்ன். ஒரு சைசுக்கு வரைந்ததை மற்ற சைசுகளுக்குப் பெருக்குவது கிரேடிங். முன்பெல்லாம் மாஸ்டர்கள் பிரவுன் தாளில் பென்சில் வைத்து வரைவார்கள். இப்போது கம்ப்யூட்டரில். பரணி சின்ன வயதிலிருந்தே அளவுப் பைத்தியம். வீட்டில் தலையணை உறை தைத்தாலும் டேப் வைத்துப் பார்த்து, "அரை இஞ்சு இழுத்துட்டீங்கம்மா" என்று பிரிக்கச் சொல்லுவாள். அமராவதிக்கு அவள் மேல் இருக்கிற ஒரே புகார் அதுதான்.

போன வருஷம் அவள் ஒரு வெளிநாட்டு இணையதளத்தில் பெயரைப் பதிந்துவைத்தாள். உலகத்தில் யாருக்காவது ஒரு வேலை ஆக வேண்டும் என்றால் அங்கே போடுவார்கள், செய்யத் தெரிந்தவர்கள் விலை சொல்லிக் கேட்க வேண்டும். கேட்பதற்கே காசு. ஆதார், பான் எல்லாம் கொடுத்தாள். தான் அமெரிக்கப் பிரஜை இல்லை என்று ஒரு வரிப் படிவத்தில் கையெழுத்துப் போட்டாள். பேங்க் கணக்கைச் சேர்க்கும்போது, எதற்காக வெளிநாட்டிலிருந்து பணம் வருகிறது என்று ஒரு பட்டியலிலிருந்து காரணம் எடுத்துப் போட வேண்டியிருந்தது. கணக்கு அவள் ஒன்பதாவது படிக்கும்போது ஸ்காலர்ஷிப்புக்காகத் தொடங்கியது. அதனால் பேங்க் மெசேஜ் என் போனுக்குத்தான் வரும். மாற்ற வேண்டும், மாற்ற வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தோம். மாற்றியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

நாற்பத்தோரு பேரிடம் கேட்டாள். நாற்பது பேர் பதிலே போடவில்லை. நாற்பத்தொன்றாவது ஆள் கனடாவில் ஜோசஃபின் என்கிற அம்மா. கைக்குழந்தைகளுக்கு மேலும் கீழும் ஒன்றாகச் சேர்ந்த உடுப்பு, பாடி சூட் என்பார்கள், அதைத் தைத்து விற்கிற சின்னக் கம்பெனி. பிறந்த குழந்தையிலிருந்து இரண்டு வயது வரைக்கும் ஐந்து சைசு, பேட்டர்னும் அளவுப் பட்டியலும். இருநூற்று ஐம்பது டாலர்.

"ஒரு துணி கூட அனுப்பாம காசு குடுப்பாங்களா கண்ணு?" என்று அமராவதி கேட்டாள். எங்கள் ஊரில் வெளிநாட்டுக் காசு என்றால் கண்டெய்னர் போக வேண்டும், தூத்துக்குடியில் கப்பல் ஏற வேண்டும். அதற்கப்புறம் அறுபது நாள், தொண்ணூறு நாள் காத்திருக்க வேண்டும்.

"பணத்த முன்னாடியே கட்டிட்டாங்கம்மா. அந்த சைட்டுக்காரங்க நடுவுல வெச்சிருப்பாங்க. நான் வேலைய குடுத்து, அவங்க சரின்னு சொன்னா எனக்கு விடுவாங்க" என்றாள் பரணி.

"அப்ப அவங்க சரின்னு சொல்லலீன்னா?"

"அதுக்குத்தாம்மா ஒழுங்கா செய்யறேன்."

பதினொரு நாள் செய்தாள். மெஷின் ஷெட்டை ஒட்டி என் ஆபீஸ் ரூம் ஒன்று இருக்கிறது, ஆபீஸ் என்றால் ஒரு மேசையும் ஃபேனும். அங்கே லேப்டாப்பை வைத்துக்கொண்டு கல்லூரி விட்டு வந்ததும் உட்காருவாள். லேப்டாப்புக்குப் பூட்டு கிடையாது. எங்கள் வீட்டில் எதற்கும் பூட்டு கிடையாது.

ஜோசஃபின் அம்மா ஒரு புதன்கிழமை சரி சொன்னார். அதற்குப் பிறகும் ஐந்து நாள் பாதுகாப்புக்காக என்று பணத்தை நிறுத்திவைத்தார்கள். திங்கட்கிழமை விட்டார்கள். பரணி உடனே பேங்குக்கு அனுப்பச் சொல்லிப் பொத்தானை அழுத்திவிட்டு என்னிடம் வந்தாள்.

"அப்பா, நாளைக்கு வந்துருமுங்க. கொஞ்சம் புடிச்சுக்குவாங்க, அது என்னன்னா..."

அப்போது எனக்கு ஒரு எக்ஸ்போர்ட்டர் போனில் இருந்தார். நான் கையை ஆட்டி, அப்புறம் சொல்லு என்றேன். அவள் அப்புறம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை காலையில் அவளுக்குக் கல்லூரியில் பிராக்டிகல் பரீட்சை. போனை அணைத்துப் பைக்குள் போட்டுவிட வேண்டும், மூன்று மணிக்குத்தான் முடியும். பத்தே முக்காலுக்கு என் போனில் மெசேஜ் வந்தது. அவள் கணக்கில் பதினெட்டாயிரத்து ஐந்நூற்று நாற்பத்தெட்டு ரூபாய் அறுபது காசு வரவு.

சத்தியமாகச் சொல்கிறேன், முதலில் எனக்குக் கண் கலங்கியது. ஷெட்டிலிருந்தே கத்தினேன். அமராவதி மாவுக் கையோடு ஓடிவந்தாள். அவளுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கவே பொறுமை இல்லை. என்னைப் படிக்கச் சொல்லி, மறுபடி படிக்கச் சொல்லி, அப்புறம் தன் தங்கச்சிக்குப் போன் போட்டுவிட்டாள். "நம்ம பரணி டாலருல சம்பாரிச்சுட்டா புள்ள! ஆமா, ஊட்டுல உக்காந்தபடியே! சிவன்மலை முருகன் கோயிலுக்குப் போயி உண்டியல்ல ஆயிரம் போடோணும்!" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னாள். எங்களிடம் இருபது வருஷமாகத் தைக்கிற மயிலாக்கா மெஷினை நிறுத்தி, "அப்பனையும் ஆத்தாளையும் மிஞ்சிட்டா போங்க" என்று சிரித்தார். எனக்கும் பெருமை தாங்கவில்லை. எல்லோருக்கும் டீயும் பன்னும் சொன்னேன்.

டீ வருவதற்குள் என் புத்தி வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது. அன்றைக்கு டாலர் விலை எண்பத்தாறு. திருப்பூரில் சட்டைக்கு என்ன விலை என்று தெரியாதவன் இருப்பான், டாலர் என்ன விலை என்று தெரியாதவன் இருக்கமாட்டான். இருநூற்று ஐம்பதை எண்பத்தாறால் பெருக்கினால் இருபத்தோராயிரத்து ஐந்நூறு. வந்தது பதினெட்டாயிரத்துச் சொச்சம். கிட்டத்தட்ட மூவாயிரம் குறைகிறது. பதினாலு சதவீதம்.

வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாது, அதனால் சொல்கிறேன். எங்கள் தொழிலில் பணம் குறைந்து வந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். பையர் கிளெய்ம் போட்டுவிட்டான். அளவு தவறு, கறை, நூல் பிரிந்தது, ஒரு நாள் தாமதம், எதையாவது சொல்லிப் பத்து, பதினைந்து சதவீதம் கழித்துக்கொண்டு அனுப்புவான். பையர் எக்ஸ்போர்ட்டரிடம் கழிப்பான், எக்ஸ்போர்ட்டர் என்னிடம் கழிப்பார், நான் தையல்காரர்களிடம் கழிப்பேன். பதினாலு சதவீதம் என்பது கிளெய்முக்கென்றே தைத்த அளவு.

லேப்டாப்பைத் திறந்தேன். அந்தத் தளம் அவள் பெயரில் திறந்தபடியே இருந்தது. வேலைக்கு நேராக இருநூற்று ஐம்பது டாலர் செலுத்தப்பட்டது என்றுதான் காட்டியது. அதையும் நான் நம்பவில்லை. பில்லில் முழுத்தொகை காட்டிவிட்டு, பேங்குக்கு வரும்போது கழித்து அனுப்புகிற ஆட்களை எத்தனை பார்த்திருக்கிறேன்! பிள்ளை ஏதோ சைசில் தப்புப் பண்ணிவிட்டாள், அந்த அம்மா சொல்லாமல் கழித்துவிட்டார் என்று முடிவுகட்டினேன்.

அந்த நேரத்தில் எனக்குப் பரணி மேல் கோபமே இல்லை, பயம்தான். ஜோசஃபின் அம்மா இன்னும் நாலு டிசைன் தருவதாகச் சொல்லியிருந்தார். அதோடு, வேலை முடிந்ததும் அவர் அந்தத் தளத்தில் நட்சத்திரம் போட்டு நாலு வரி எழுத வேண்டும். அதைப் பார்த்துத்தான் அடுத்த ஆள் வேலை கொடுப்பான். முதல் ஆள் எழுதுகிற முதல் வரி. அது கெட்டால் நாற்பத்தொன்று மறுபடி நானூற்றுப் பத்து ஆகிவிடும் என்று பரணி தினமும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

கிளெய்ம் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று பன்னிரண்டு வருஷம் பார்த்தவன் நான். வாதாடக் கூடாது. அன்றைக்கே பணிந்து எழுதிவிட வேண்டும். யார் முதலில் மன்னிப்புக் கேட்கிறானோ அவனுக்குத்தான் அடுத்த ஆர்டர். மூன்று மணி வரை காத்திருந்தால் நேரம் போய்விடும் என்று தோன்றியது. கனடாவில் அப்போது நடுராத்திரி, எழுதினாலும் படிக்கப்போவதில்லை. அது கூட எனக்கு உறைக்கவில்லை.

உட்கார்ந்து எழுதினேன். அந்த இங்கிலீஷ் எனக்கு மனப்பாடம். எங்கள் தவறுக்கு மிகவும் வருந்துகிறோம். தாங்கள் கழித்த தொகையை முழுமனதோடு ஏற்றுக்கொள்கிறோம். அளவில் ஏற்பட்ட குறையை அடுத்த ஆர்டரில் சரிசெய்து தருகிறோம். அடுத்த வேலைக்கு இருபது சதவீதம் தள்ளுபடியும் தருகிறோம். தயவுசெய்து தொடர்பைத் துண்டிக்க வேண்டாம். எல்லாம் பரணி பெயரில் போனது. அனுப்பிவிட்டு மேசையைத் துடைத்தேன். ஒரு காரியத்தை நேரத்துக்குச் செய்த திருப்தி இருந்தது. இன்றைக்கு நினைத்தாலும் அந்தத் திருப்திதான் என்னைக் கூசவைக்கிறது.

பரணி நாலு மணிக்கு வந்தாள். அமராவதி வந்த தொகையைச் சொல்லி அவள் வாயில் லட்டைத் திணித்தாள், மயிலாக்கா கன்னத்தைக் கிள்ளினார். அவள் சிரித்துக்கொண்டே ஆபீஸ் ரூமுக்கு வந்து என் கையைப் பிடித்தாள்.

"அப்பா, பாத்தீங்களா? பதினெட்டாயிரத்து ஐநூத்தி நாப்பத்தெட்டு! நான் போட்ட கணக்குக்குச் சரியா வந்துருச்சுங்க!"

"நீ போட்ட கணக்கா?" என்றேன்.

அவள் ஒரு தாளை எடுத்துக் காட்டினாள். இருநூற்று ஐம்பதில் அந்தத் தளத்துக்குப் பத்து சதவீதக் கட்டணம், இருபத்தைந்து டாலர். அந்தக் கட்டணத்துக்குப் பதினெட்டு சதவீதம் ஜி.எஸ்.டி., நாலரை டாலர். பேங்குக்கு அனுப்புகிற செலவு தொண்ணூற்றொன்பது சென்ட். மிச்சம் இருநூற்றுப் பத்தொன்பது டாலர் ஐம்பத்தொரு சென்ட். அதை ரூபாயாக மாற்றும்போது சந்தை விலை தரமாட்டார்கள், எண்பத்து நாலரைதான் போட்டார்கள். பெருக்கினால் பதினெட்டாயிரத்து ஐந்நூற்று நாற்பத்தெட்டு ரூபாய் அறுபது காசு. ஒரு காசு பிசகவில்லை. அளவுப் பைத்தியம் என்றேனே, கணக்கிலும் அப்படித்தான்.

"நேத்து சொல்ல வந்தனுங்களேப்பா, நீங்க போன்ல இருந்தீங்க. இதெல்லாம் யாருக்கும் புடிக்கறதுதானுங்க. ஜோசஃபின் ஒரு பைசா கழிக்கல."

என் முகத்தைப் பார்த்தே அவளுக்கு ஏதோ தெரிந்திருக்க வேண்டும். லேப்டாப்பைத் திருப்பினாள். நான் எழுதியதைப் படித்தாள். திரும்பவும் முதலிலிருந்து படித்தாள். நான் எதிர்பார்த்த கத்தல் வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஏனுங்கப்பா," என்றாள் மெதுவாக, "நான் தப்புப் பண்ணியிருப்பேன்னு நெனைச்சீங்களா?"

நான் காலையில் துடைத்த மேசையையே மறுபடி துடைத்தேன்.

அவள் அந்த மெசேஜை அழிக்கப் பார்ப்பதற்குள் அந்தப் பக்கம் விடிந்துவிட்டது. ஐந்து மணிக்கு ஜோசஃபின் அம்மாவின் பதில் வந்தது. என்னால் படிக்க முடிந்தது. அவர் எழுதியிருந்தது இது: நான் எதையும் கழிக்கவில்லை. எந்த சைசில் தவறு? நேற்றுதான் உன் பேட்டர்னைத் தைக்கிற இடத்துக்குக் கொடுத்தேன். உன் மெசேஜைப் பார்த்ததும் வெட்டுவதை நிறுத்தச் சொல்லிவிட்டேன். என்னிடம் சொல்லாமல் எதையாவது மறைத்தாயா?

நான் துடித்துப்போய், "கண்ணு, நானே எழுதறேன். அது எங்கப்பன் எழுதுனது, எனக்குத் தெரியாதுன்னு சொல்லு. அதுதான நெசம்" என்றேன்.

"முடியாதுங்கப்பா." அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இந்தக் கணக்குல நான் மட்டுந்தான் பூரோணும். வேற ஒரு ஆளு பூந்து எழுதுனாருன்னு நானே ஒத்துக்கிட்டா கணக்கையே முடக்கிருவாங்க. அப்பறம் வேற பேருல கூடத் தொடங்க முடியாது. நான்தான் எழுதுனேன்னு சொல்லோணும்."

அதற்குள் அமராவதி வந்துவிட்டாள். விஷயத்தைக் கேட்டதும் கையிலிருந்த தட்டை மேசையில் வைத்த சத்தத்தில் மெஷின்கள் நின்றன.

"ஏனுங்க, உங்களுக்கு என்ன கேடு? அவ சொன்னாளா கழிச்சுட்டாங்கன்னு? அந்தக் கனடாக்காரி சொன்னாளா? ஒரு மணி நேரம் பொறுத்தா உங்க தலை வெடிச்சா போயிரும்? பண்ணாத தப்புக்கு மன்னிப்பு கேக்கறது உங்களுக்குப் பொழப்பா இருக்கலாமுங்க. எம்புள்ளையையும் எதுக்கு அதுல இழுத்து உட்டீங்க?"

அவள் சொன்னது அத்தனையும் உண்மை. அது என் பிழைப்புத்தான். எக்ஸ்போர்ட் ஆபீசில் நான் எழுதிய மன்னிப்புகளில் பாதி, செய்யாத தப்புக்கு எழுதியவை. எதையும் அளந்து பார்க்காமல் ஒத்துக்கொள்வதைச் சாமர்த்தியம் என்று நினைத்தே இந்த வயது வரை வந்துவிட்டேன்.

"அம்மா, உடுங்க" என்றாள் பரணி. "மயிலாக்கா, கொஞ்சம் வர்றீங்களா?"

வேலை முடித்துக் கிளம்பவிருந்த மயிலாக்கா திரும்பி வந்தார். பரணி தான் அனுப்பிய அதே பேட்டர்னை அச்செடுத்தாள். சாதாரண ஏ-நாலு தாள்களில் துண்டு துண்டாக வரும், வரிசை எண் பார்த்து ஒட்ட வேண்டும். முதல் தாளின் ஓரத்தில் ஐந்து சென்டிமீட்டர் கட்டம் ஒன்று இருக்கும். அச்சில் சுருங்கவோ பெருகவோ இல்லை என்பதற்கு அதுதான் சாட்சி. அவள் ஸ்கேலை வைத்து அதை முதலில் அளந்தாள். பிறகு ஒட்டி, கத்தரித்தாள். ஷெட்டில் கிடந்த இண்டர்லாக் பின்னல் துணி மிச்சத்தில் ஐந்து சைசையும் நான் வெட்டினேன். அவள் பக்கத்தில் நின்று பார்த்தாள், ஆனால் கத்தரியை வாங்கிக்கொள்ளவில்லை. மயிலாக்கா ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்து ஐந்தையும் முடித்தார்.

மேசையில் வரிசையாகப் போட்டோம். பரணி அளவுப் பட்டியலைப் படித்தாள், மயிலாக்கா டேப்பை வைத்தார். மார்பு, நீளம், கழுத்து, கை, கால் வளைவு. அரை சென்டிமீட்டர் வரை கூடலாம் குறையலாம் என்பது வழக்கம். அந்த அரை கூடத் தேவைப்படவில்லை. ஐந்து சைசும் பட்டியலில் இருந்தபடியே இருந்தன.

மயிலாக்கா டேப்பைச் சுருட்டிக்கொண்டே, "அளவெல்லாம் அச்சா நிக்குதுங்க" என்றார். அப்புறம், கோபமே இல்லாமல், ரொம்பச் சாதாரணமாகக் கேட்டார். "தீவாளிக்கு முன்னாடி கழுத்து லூசுன்னு எங்க எல்லாருக்கும் கூலியில புடிச்சீங்களே, அன்னைக்கி நம்ம ஒரு பீஸையாவது இப்படி மேசையில போட்டு அளந்தமுங்களா?"

அளக்கவில்லை. எக்ஸ்போர்ட்டர் சொன்னார், நான் பிடித்தேன். என் மகள் பெயரில் மன்னிப்பு எழுதிய அதே மனதோடுதான் அன்றைக்கு மயிலாக்காவின் கூலியிலும் கைவைத்தேன். அன்றைக்கும் பிறகு டீ குடித்துவிட்டு மேசையைத் துடைத்திருப்பேன். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "பாக்கறேனுங்கக்கா" என்று ஏதோ முனகினேன். தீபாவளிக்குப் பிடித்ததை அந்த வாரச் சம்பளத்தில் எல்லோருக்கும் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அதைச் சொல்லி நல்ல பெயர் வாங்கப் பார்க்கவில்லை. கொடுத்தபோது யாரும் நன்றி சொல்லவில்லை, சொல்ல வேண்டியதும் இல்லை.

பரணி ஐந்து உடுப்பின் மேலும் டேப்பை வைத்துப் படம் எடுத்தாள். ஜோசஃபின் அம்மாவுக்கு அவள் எழுதுவதைப் பின்னால் நின்று பார்த்தேன். காலையில் அனுப்பிய மெசேஜ் தவறு, அது உங்களுக்குக் கொடுத்த சிரமத்துக்கு வருந்துகிறேன். பேட்டர்னில் தவறு எதுவும் இல்லை. ஐந்து சைசும் தைத்து அளந்திருக்கிறேன், படங்கள் இணைத்திருக்கிறேன். வெட்டுவதைத் தொடரலாம். அவ்வளவுதான். நான் என்றால் ஐந்து இடத்தில் மன்னிப்புக் கேட்டிருப்பேன். அவள் ஒரே இடத்தில் கேட்டாள். அதுவும் என் காரியத்துக்காக.

எழுதி முடித்துவிட்டுச் சொன்னாள்: "இருபது சதவீதம் தள்ளுபடி தர்றேன்னு சொல்லியிருக்குதுங்கப்பா. அதை மாத்தல. சொன்னது சொன்னதுதானே."

"அந்தக் காச நான் குடுத்தர்றேன் கண்ணு."

"வேண்டாமுங்க" என்றாள்.

மறுநாள் பதில் வந்தது. படங்களைப் பார்த்தேன், வெட்டத் தொடங்கச் சொல்லிவிட்டேன், ஆனால் ஒரு நாள் வீணாகிவிட்டது என்று எழுதியிருந்தார். நாலு டிசைன் என்று சொன்னவர், இப்போதைக்கு ஒன்று மட்டும் பார்க்கலாம் என்றார். அந்த ஒன்றும் என் தள்ளுபடி விலைக்கு. பரணி ஒப்புக்கொண்டாள்.

அந்த வாரம் முழுக்க அவள் என்னிடம் வழக்கம் போலத்தான் பேசினாள். சாப்பிட்டீங்களாப்பா என்று கேட்டாள், என் வண்டியில்தான் பஸ் ஸ்டாப்புக்கு வந்தாள். சனிக்கிழமை பேங்குக்குப் போய் மெசேஜ் வருகிற எண்ணைத் தன் எண்ணுக்கு மாற்றிக்கொண்டு வந்தாள். லேப்டாப்புக்குப் பூட்டுப் போட்டாள். மறைத்துச் செய்யவில்லை. என் முன்னாலேயே, "பாஸ்வேர்டு வெச்சிருக்கனுங்கப்பா" என்று சொல்லிவிட்டுத்தான் செய்தாள். "நல்லது கண்ணு" என்றேன். நல்லதுதான். ஆனால் எங்கள் வீட்டில் முதல் பூட்டு என்னைப் பார்த்துப் போட்ட பூட்டு என்பது அன்றைக்குச் சோற்றில் கை வைக்கும்போது தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூவரும் ஆபீஸ் ரூமில் இருந்தோம். லேப்டாப்பில் ஒரு சத்தம் வந்தது. பரணி பார்த்துவிட்டு, "ஜோசஃபின் எழுதிட்டாங்கம்மா!" என்று நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"என்ன போட்டிருக்கா? எத்தனை நட்சத்திரம்?" அமராவதி எட்டிப் பார்த்தாள். அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது.

"நாலு போட்டிருக்காங்கம்மா."

"அஞ்சுக்கு நாலா? பரவால்ல, பரவால்ல. என்ன எழுதியிருக்கா, படி கண்ணு."

பரணி தமிழில் சொன்னாள். "பேட்டர்ன் எல்லாம் ரொம்பத் துல்லியமா இருக்குது, ஒரு மில்லிமீட்டர் கூடப் பிசகலன்னு எழுதியிருக்காங்கம்மா."

"அப்பறம்?"

"அவ்வளவுதாம்மா."

அமராவதி கையெடுத்து முருகனைக் கும்பிட்டாள். நான் அவர்களுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். திரையில் இரண்டு வரி இருந்தது. எனக்குக் கதைப்புத்தக இங்கிலீஷ் வராது, ஆனால் பையர் குறை எழுதினால் அது எந்த மூலையில் இருந்தாலும் என் கண்ணில் படும். ‘தன் வேலை மேல் தனக்கே நம்பிக்கை இல்லாத பெண், அவளுடைய ஒரு மெசேஜால் எனக்கு ஒரு நாள் போனது.’ இரண்டாவது வரி இதுதான். அவள் பெயருக்குக் கீழே, உலகத்தில் யார் திறந்தாலும் தெரிகிற மாதிரி.

பரணி மெல்லத் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். நான் படித்துவிட்டேனா என்று பார்க்கிறாள்.

"நல்லா எழுதியிருக்காங்க கண்ணு" என்றேன்.

"ஆமாங்கப்பா" என்று சொல்லி லேப்டாப்பை மூடினாள்.